ஒரே களிமண், 6 மீட்டர் ஆழம்: பிரஷர்மீட்டரில் 3.5, டைலடோமீட்டரில் 15 மெகாபாஸ்கல். எதை நம்புவது?

அடித்தளம்_ரவி

வணக்கம். ஒரே தளத்தில் 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு சோதனையும் நடந்திருக்கிறது. மண் ஓரளவு கெட்டியான களிமண், நிலத்தடி நீர் 2 மீட்டரில்.

பிரஷர்மீட்டர் 58 மி.மீ. புரோப், நடு அறையின் கனஅளவு 535 கன செ.மீ. டிரைகோன் பிட் போட்டு, தண்ணீர் பாய்ச்சி, முதல் நாளே 12 மீட்டர் வரை துளை போட்டார்கள். மறுநாள் மேலிருந்து கீழாகச் சோதனை. 6 மீட்டரில் வளைவின் நேர்ப்பகுதி 80 கிலோபாஸ்கலில் 190 கன செ.மீ. முதல் 200 கிலோபாஸ்கலில் 260 கன செ.மீ. வரை. சவ்வுத் திருத்தம், நீர்மட்டத் திருத்தம் எல்லாம் போட்டாயிற்று.

```
E = 2.66 × (535 + 225) × 120 / 70 = 3465 kPa
```

எல்லை அழுத்தம் நேரடியாகக் கிடைக்கவில்லை. வளைவை நீட்டிப் பார்த்தால் சுமார் 450 கிலோபாஸ்கல் வருகிறது.

டைலடோமீட்டரில் அதே ஆழத்தில் A = 390, B = 690, ΔA = 15, ΔB = 45, எல்லாம் கிலோபாஸ்கலில். கணக்குப் போட்டால் M = 15.3 மெகாபாஸ்கல். நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். எந்தக் கருவி பழுது?

கட்டுமானன்

பழுது இல்லை, டைலடோமீட்டர் கணக்கில்தான் ஊதிப் பெருக்கியிருக்கிறீர்கள். ED 8.7 மெகாபாஸ்கல்தானே வரும்? அதுதான் அளந்த குணகம். அதை RM-ஆல் பெருக்கி 15 ஆக்குவது அனுபவச் சூத்திரம். 8.7-ஐ வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு, பிரஷர்மீட்டரில் ஒரு இறக்கி-ஏற்றும் சுற்று போட்டு அந்தக் குணகத்தை எடுங்கள். துளைச் சுவர் கெட்டிருந்தாலும் அது பாதிக்காது.

மண்ணியல் செல்வி

ரவி, முதலில் உங்கள் டைலடோமீட்டர் எண்களைச் சரிபார்த்தேன்:

```
p1 = 690 - 45 = 645
p0 = 1.05 × (390 + 15) - 0.05 × 645 = 393
ID = (645 - 393) / (393 - 40) = 0.71
KD = 353 / 74 = 4.8
ED = 34.7 × 252 = 8744 kPa
RM = 1.75,  M = 15.3 MPa
```

கணக்கில் பிழை இல்லை. B−A வித்தியாசம் 300, ΔA+ΔB வெறும் 60. அதனால் சவ்வின் விறைப்பு இங்கே பெரிய விஷயம் இல்லை.

சந்தேகப்பட வேண்டியது துளையைத்தான். புரோப் சுவரைத் தொடும்போதே 190 கன செ.மீ. தண்ணீர் உள்ளே போய்விட்டது. அதாவது துளையின் பரப்பு புரோப்பைப் போல (535+190)/535 = 1.355 மடங்கு, விட்டம் 1.16 மடங்கு. 58 மி.மீ. புரோப்புக்கு 67.5 மி.மீ. துளை. அனுமதி 1.2 வரை என்பதால் ‘தாளில் பாஸ்’. ஆனால் எல்லை அழுத்தம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு இதே காரணம்: குழி இரு மடங்காக 535 + 2×190 = 915 கன செ.மீ. தண்ணீர் வேண்டும். உங்கள் கருவி எவ்வளவு தள்ளும்?

இன்னொன்று, E-ஐ எல்லை அழுத்தத்தால் வகுத்தால் 7.7. மெனார்டு அட்டவணைப்படி 7 முதல் 9 வரை என்றால் குலைந்துபோன களிமண். அழுத்தி இறுகிய களிமண் 16-க்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் KD 4.8 என்பதோ மண் முன்பு அதிகச் சுமை கண்டது என்று சொல்கிறது. இரண்டும் ஒரே மண்ணைப் பற்றிப் பேசவில்லை: ஒன்று மண்ணை, இன்னொன்று தண்ணீர் பீய்ச்சிக் கெடுத்த சுவரை.

கட்டுமானன், பாதி சரி. சுற்றில் வரும் குணகம் சுவர்க் கேட்டால் குறைவாகவே பாதிக்கப்படும். ஆனால் அது சிறிய திரிபில் வரும் குணகம், அதிகமாகத்தான் இருக்கும். மெனார்டின் இறக்கக் கணக்கு முதல் ஏற்றத்தின் E-ஐ வைத்துச் சரிபார்க்கப்பட்டது. அதில் சுற்றுக் குணகத்தைப் போட்டால் இறக்கம் குறைவாக வரும், ஆபத்து அந்தப் பக்கம்தான். சுற்றை இறக்குவதற்கு முன் ஊர்தல் நிற்கும் வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் சுற்று சாய்ந்துவிடும். ED விஷயம் முழுத் தவறு: தகடு இறங்கும்போதே மண்ணைக் கலைக்கிறது, ED-யில் சுமை வரலாறு இல்லை. அது KD-யில் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்து M.

நெய்தல்_தாஸ்

எனக்கும் இதேதான்! கடலோர மென்களிமண், டைலடோமீட்டரில் M குப்பையாக வருகிறது. ED சில இடத்தில் மைனஸ் கூட. அப்போ துளைதான் காரணமா?

மண்ணியல் செல்வி

தாஸ், உங்களுடையது வேறு கேள்வி. டைலடோமீட்டருக்குத் துளையே கிடையாது. மென்மண்ணில் A, B இரண்டும் சிறியவை, அங்கேதான் ΔA, ΔB எல்லாமே. B−A, ΔA+ΔB-ஐ விடக் குறைவாக இருந்தால் அந்த அளவீடு செல்லாது, மைனஸ் வருவது அதனால்தான். புதிய சவ்வு என்றால் போடும் முன் பலமுறை ஊதி இறக்கிப் பழக்குங்கள். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் இரண்டையும் அளந்து, 25 கிலோபாஸ்கலுக்கு மேல் மாறியிருந்தால் அந்தச் சோதனையை ஒதுக்குங்கள். விரிவாகத் தனி இழை போடுங்கள்.

அடித்தளம்_ரவி

கருவி 750 கன செ.மீ. வரைதான் தள்ளும். அப்போ 915 எட்டவே முடியாது. இன்னொரு துளை போட அனுமதி இருக்கிறது. எப்படிப் போடுவது?

மண்ணியல் செல்வி

12 மீட்டரையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். ஒரு சோதனைக்குத் தேவையான நீளம் மட்டும் போட்டு, உடனே புரோப்பை இறக்கி, முடித்த பிறகு அடுத்த துண்டு. பிட் 63 மி.மீ., இழுவைப் பிட், மெதுவான சுழற்சி, சேற்றின் ஓட்டம் வெட்டியது மேலே வருமளவு மட்டும். பிட்டின் வாயிலிருந்து நேராகச் சுவரில் பீய்ச்சக் கூடாது. 63 மி.மீ. துளை என்றால் தொடும்போது சுமார் 100 கன செ.மீ. வரும். அதுதான் களத்திலேயே தெரியும் முதல் சோதனை.

ஒவ்வொரு படியிலும் 30 நொடிக்கும் 60 நொடிக்கும் இடையே கூடிய கனஅளவையும் தனியாக வரையுங்கள். தொடக்கத்தில் அதிகம், நடுவில் தாழ்ந்து சமமாக, கடைசியில் மறுபடி ஏற வேண்டும். நடுத் தாழ்வே இல்லையென்றால் அந்தத் துளையில் E எடுக்காதீர்கள்.

அடித்தளம்_ரவி

புதிய துளை முடிந்தது. தொடும்போது 105 கன செ.மீ., 110 கிலோபாஸ்கலில். 260 கிலோபாஸ்கலில் 150 கன செ.மீ. ஊர்தல் வரைபடத்தில் நடுத் தாழ்வு தெளிவாக இருக்கிறது. எல்லைக்கு 745 கன செ.மீ. தேவைப்பட்டது, நூலிழையில் எட்டியது: 480 கிலோபாஸ்கல்.

```
E = 2.66 × (535 + 127.5) × 150 / 45 = 5874 kPa
```

விகிதம் 12.

கட்டுமானன்

அப்போதும் 5.9-க்கும் 15-க்கும் பொருந்தவில்லையே.

மண்ணியல் செல்வி

நேராக ஒப்பிடக் கூடாது. M பக்கவாட்டில் விரிய விடாத குணகம். பாய்சான் விகிதம் 0.3 என்றால் அதிலிருந்து E சுமார் 11. பிரஷர்மீட்டரின் E-ஐ α-வால் வகுக்க வேண்டும். விகிதம் 9 முதல் 16 வரையிலான களிமண்ணுக்கு α 2/3, ஆக 8.8. 8.8-க்கும் 11-க்கும் உள்ள இடைவெளி எனக்கு ஏற்கத்தக்கது.

தீராதது ஒன்று: KD சொல்கிற சுமை வரலாற்றுக்கு விகிதம் 16-க்கு மேல் வந்திருக்க வேண்டும், 12 வந்திருக்கிறது. சுவரில் இன்னும் கொஞ்சம் கேடு மிச்சமா, இந்த மண்ணில் KD-யை வேறு ஏதோ ஏற்றிவிடுகிறதா என்பதை இந்த ஆழத்தின் ஒரு சோதனையால் சொல்ல முடியாது. 6 மீட்டரில் கலையாத மாதிரி எடுத்து ஓடோமீட்டரில் முன்-சுமையைப் பாருங்கள்.

அடித்தளம்_ரவி

மாதிரிக் குழாய் அடுத்த வாரம் இறங்குகிறது, அந்த எண்ணை இங்கேயே போடுகிறேன். முதல் துளையின் மற்ற ஆழங்களில் தொடும் கனஅளவு 170 முதல் 230 வரை இருக்கிறது. அவற்றின் E-ஐ அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாமா?

மண்ணியல் செல்வி

230 என்றால் விட்டம் 1.2 மடங்கைத் தொடுகிறது. எண்ணை நீக்க வேண்டாம், வளைவோடு போட்டு ‘துளை பெரிது, வடிவமைப்புக்குப் பயன்படுத்தவில்லை’ என்று பக்கத்தில் எழுதுங்கள். எல்லை அழுத்தத்தை மட்டும் தோராயமாக வைத்துக்கொள்ளலாம், சுவர்க் கேடு E-ஐக் கெடுக்கும் அளவுக்கு அதைக் கெடுக்காது.