ஆஃபர் லெட்டர் போட்டோவில் இருந்து கைக்கு வரும் சம்பளம் வரை

முருகேசன்
ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுவதுதான் என் வேலை. சித்தப்பா பையன் சென்னையில் கிடைத்த வேலைக்கான ஆஃபர் லெட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான். கம்பெனி அவனுக்காகச் செலவிடும் மொத்தத் தொகையான சி.டி.சி. ஆண்டுக்கு 6,00,000. வீட்டில் அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 50,000 என்று தவணைக்கு வண்டிகூடப் பார்த்துவிட்டார்கள்.

போட்டோவில் ஆண்டுக் கணக்குப் பத்தி பாதி வெட்டுப்பட்டிருந்தது. மாதப் பத்தியில் அடிப்படைச் சம்பளமான பேசிக் மீது விரல் நிழல். 20,000-ஆ 26,000-ஆ என்று தெரியவில்லை. மற்றவை தெளிவு: வீட்டு வாடகைப் படி 10,000, சிறப்புப் படி 12,138, கம்பெனி பங்கு பி.எஃப். 2,400, பணிக்கொடையான கிராஜுவிட்டி 962, மருத்துவக் காப்பீடு 500, செயல்பாட்டைப் பொறுத்து வரும் வேரியபிள் 4,000.

இந்த மாதிரி இடத்தில் ஊகித்து எழுதக்கூடாது, மற்ற எண்களே பதில் சொல்லும். தெரிந்தவற்றைக் கூட்டினால் 30,000. மாத சி.டி.சி. 50,000 என்பதால் பேசிக் 20,000. ஆனால் இன்னொரு எண்ணையும் நான் தப்பாகப் படித்திருந்தால் இந்தக் கழித்தலே தப்பாகிவிடும். அதனால் கிராஜுவிட்டியையும் பார்த்தேன். அது வழக்கமாக பேசிக்கில் 4.81 சதவீதம்: ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் வருவது. 20,000-க்கு அது 962. பேசிக் 26,000 என்றால் 1,251 வந்திருக்கும். சரி, 20,000-தான்.

கவிதா
அண்ணா, பி.எஃப்.பை வைத்தே கண்டுபிடித்திருக்கலாமே? 2,400 என்பது 20,000-ல் 12 சதவீதம்தானே?

முருகேசன்
இங்கே பொருந்துகிறதும்மா. ஆனால் நிறைய கம்பெனிகள் பேசிக் எவ்வளவு இருந்தாலும் 15,000-க்கு மட்டும் பி.எஃப். கட்டும், 1,800-தான் தெரியும். அப்போது பேசிக் 20,000-ஆ 26,000-ஆ என்று அதிலிருந்து சொல்ல முடியாது. கிராஜுவிட்டி பெரும்பாலும் முழு பேசிக்கில் போடுவார்கள்.

அப்புறம் மூன்றாகப் பிரித்தேன். பேசிக்கும் இரண்டு படிகளும் சேர்ந்து 42,138. அதுதான் பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம், அதாவது கிராஸ். கம்பெனி தன் பக்கம் செலவழிப்பது 2,400, 962, 500 சேர்ந்து 3,862. வேரியபிள் 4,000 தனி.

ரஃபீக்
பி.எஃப். மொத்தம் 24 சதவீதம் போகும் சார். 42,138-ல் இருந்து 4,800 கழித்து 37,338 என்று சொல்லுங்கள், தம்பி ஏமாறாமல் இருப்பான்.

முருகேசன்
மொத்தம் 24 சதவீதம் அவன் பெயரில் கட்டப்படுவது உண்மை. ஆனால் கம்பெனி பங்கு 2,400 கிராஸுக்கு வெளியே ஏற்கெனவே போய்விட்டது, இன்னொரு முறை கழிக்கக்கூடாது. கழிக்க வேண்டியது அவன் பங்கு 2,400 மட்டும். அந்தப் பிடித்தம்தான் லெட்டரிலேயே இல்லை! சி.டி.சி. அட்டவணையில் பிடித்தங்களைப் பல இடங்களில் காட்டுவதே இல்லை. ஆக 39,738. சென்னையில் தொழில் வரி இந்தச் சம்பளத்துக்கு அரையாண்டுக்கு 1,250. மாதாமாதம் பிரித்தால் சுமார் 208 போய் 39,530 வரும். சில இடங்களில் ஒரே மாதத்தில் மொத்தமாகப் பிடிப்பார்கள், அந்த மாதம் பயப்பட வேண்டாம் என்று அவனிடம் சொல்லி வைத்தேன். 2025-26 கணக்கில் புதிய வரி முறையில் இந்த அளவுக்கு வருமான வரி இல்லை.

செல்வி
எனக்கு கிராஸ் 20,000. மாதம் 150 ரூபாய் ஏதோ பிடிக்கிறார்கள். இதுவும் தொழில் வரியா?

முருகேசன்
அது தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. ஆக இருக்கும் மேடம், 20,000-ல் 0.75 சதவீதம் சரியாக 150. கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 650 கட்ட வேண்டும். உங்கள் சி.டி.சி.யில் அந்தத் தொகை இருக்கிறதா பாருங்கள். மாதம் 21,000-க்கு மேல் போகிறவர்களுக்கு இது வராது, அதனால்தான் தம்பி கணக்கில் இல்லை.

பாலு
கம்பெனி பங்கு 2,400-க்கு மேலே பி.எஃப். நிர்வாகக் கட்டணமும் இருக்குமே? எங்கள் லெட்டரில் அதையும் சி.டி.சி.க்குள் தள்ளியிருந்தார்கள்.

முருகேசன்
நல்ல கேள்வி. இங்கே சரியாக 12 சதவீதம்தான் இருக்கிறது, அதனால் அதைக் கம்பெனி தனியாகக் கட்டுகிறது என்று எடுத்துக்கொண்டேன். 2,400-க்கு மேல் போயிருந்தால் உள்ளே சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கவிதா
2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பில் மொத்தச் சம்பளத்தில் படிகள் பாதிக்கு மேல் போகக்கூடாது என்கிறார்களே அண்ணா? இங்கே பேசிக் பாதிக்கும் கீழே இருக்கிறது.

முருகேசன்
பாதிக்கு மேல் போகும் படியைச் சம்பளமாகவே எண்ணி கிராஜுவிட்டி போட வேண்டியிருக்கும். சி.டி.சி.யை மாற்றாமல் கிராஜுவிட்டியைக் கூட்டினால் சிறப்புப் படிதான் கொஞ்சம் குறையும். இந்தக் கம்பெனி என்ன செய்யப்போகிறது என்று எச்.ஆரிடம் எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வேரியபிள் மாதாமாதம் வருமா, ஆண்டு முடிவில் வருமா என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன். அதுவரை வண்டித் தவணையை 39,530-க்குள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.