"ஜஸ்ட் வான்டட் டு செக்" என்று இழுக்காமல் மரியாதையாகக் கேட்பது எப்படி?

கோவை டு கேஎல்:
கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஊரிலிருந்து மாறி வந்த செலவுக்கு மார்ச் 4 அன்று 2,840 ரிங்கிட் கிளெய்ம் போட்டேன், இன்னும் வரவில்லை. ஃபைனான்ஸ் மேடத்துக்கு இப்படி மெயில் அனுப்பினேன்: "ஹாய், ஜஸ்ட் வான்டட் டு செக் இஃப் தேர் இஸ் எனி அப்டேட் ஆன் மை கிளெய்ம். நோ ரஷ். சாரி டு பாதர் யூ." பதிலே இல்லை. டீம் லீட் பார்த்துவிட்டு, "ஏன் இப்படிப் பம்முகிறாய்?" என்கிறார். நேராகக் கேட்டால் வந்ததும் அதிகாரம் பண்ணுகிறான் என்று ஆகிவிடாதா?

ஷா ஆலம்காரன்:
பம்மினால் இங்கே வேலைக்கு ஆகாது பாஸ். "கைன்ட்லி ரிவர்ட் பை டுடே", ஒரே வரி. மேனேஜரை சிசியில் போடுங்கள். மாதம் முடிந்து 7 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
அந்த 7 நாள் சம்பளத்துக்குச் சொன்னது தம்பி. செலவு கிளெய்முக்கு அதைக் காட்டினால் சிரிப்பார்கள்.

நான் பல வருஷம் கிளெய்ம் பார்க்கிற சீட்டில் இருந்தவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "ஏதாவது அப்டேட் உண்டா" என்று மெயில் வந்தால் எந்த கிளெய்ம், எப்போது போட்டது, எவ்வளவு என்று நான்தான் தேட வேண்டும். கூடவே "நோ ரஷ்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரி, அவசரமில்லை போல என்று அடுத்ததைத் திறந்துவிடுவேன். அதில் கோபமும் இல்லை, அலட்சியமும் இல்லை.

இப்படி எழுதிப் பாருங்கள். "குட் மார்னிங் புவான்" என்று பெயரோடு தொடங்குங்கள், இங்கே மேடத்துக்கு அப்படித்தான் சொல்வது. வெறும் "ஹாய்" வேண்டாம். அப்புறம்: "ஐ சப்மிட்டட் மை ரீலொகேஷன் கிளெய்ம் ஆஃப் ஆர்எம் 2,840 ஆன் 4 மார்ச். குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் வெதர் இட் இஸ் வித் ஃபைனான்ஸ் ஆர் ஸ்டில் பென்டிங் மை மேனேஜர்ஸ் அப்ரூவல்? இஃப் எனி ரிசீட் இஸ் மிஸ்ஸிங், ப்ளீஸ் லெட் மீ நோ பை தர்ஸ்டே, அண்ட் ஐ வில் சென்ட் இட் தி சேம் டே." கடைசியில் ஒரு "தேங்க் யூ", அவ்வளவுதான்.

பணம் எப்போது வரும் என்று இதில் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? அந்தத் தேதி பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. கிளெய்ம் யாரிடம் நிற்கிறது என்பதை சிஸ்டத்தைத் திறந்த உடனே சொல்லிவிடலாம். அவரால் சொல்ல முடிகிற ஒன்றைக் கேட்டால் பதில் வரும். கெடுவும் ரசீதுக்குத்தான் வைத்திருக்கிறோம், அது உங்கள் வேலையை நீங்கள் முடிப்பதற்கு. அதனால் அதட்டுவது மாதிரி இருக்காது.

பினாங்கு குடும்பஸ்தன்:
நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எங்கள் காண்டோவில் ஏர்கான் ஒழுகுகிறது. ஓனருக்கு வாட்ஸ்அப் போட்டால் "ஓகே நோட்டட்" என்று மட்டும் வருகிறது. வாடகையைப் பிடித்து வைக்கலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
அது வேறு பிரச்சினை தம்பி. வாடகையில் கை வைக்காதீர்கள், கடைசியில் டெபாசிட்டில் வந்து நிற்கும். ஒழுகுவதை வீடியோ எடுத்து அனுப்பி, "டெக்னீஷியன் சனிக்கிழமை காலையா, திங்கள் மாலையா?" என்று கேளுங்கள். அதற்கு "நோட்டட்" என்று பதில் போடுவது கஷ்டம்.

கோவை டு கேஎல்:
நன்றி அக்கா. அப்படியானால் "ஐ திங்க்", "மேபீ" எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
நிஜமாகவே உறுதியில்லை என்றால் "ஐ திங்க்" இருக்கட்டும், அது உண்மை. தேதியும் தொகையும் கையில் வைத்துக்கொண்டு "ஐ திங்க் ஐ சப்மிட்டட்" என்று எழுதினால்தான் உங்கள் மேலேயே சந்தேகம் வரும். "குட் யூ ப்ளீஸ்" ஒன்று போதும், மரியாதை அதிலேயே வந்துவிடும். "சாரி டு பாதர்" வேண்டாம், அவருடைய வேலையைத்தானே கேட்கிறீர்கள்? எதிர்ப்பக்கம் தாவி "ஆஸ் பெர் மை லாஸ்ட் இமெயில்" என்றும் தொடங்காதீர்கள், அது குத்தும்.

இன்னொன்று. அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது வெள்ளி மத்தியானத்தைக் கெடுவாக வைக்காதீர்கள். தொழுகைக்காக 12.15 முதல் 2.45 வரை இடைவேளை.

ஷா ஆலம்காரன்:
எல்லாம் சரி, இதற்கும் பதில் வராவிட்டால்? முதல் மெயிலிலேயே மேனேஜரை சிசியில் போட்டிருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
முதல் மெயிலில் போட்டால் போட்டுக் கொடுத்த மாதிரி. இரண்டாவதில் போடலாம்.

ஷா ஆலம்காரன்:
எங்கள் ஆபீஸில் முதலிலேயே போடுவோம். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

கோவை டு கேஎல்:
டீம் லீடும் சிசி போடு என்றுதான் சொல்கிறார். நாளைக்கு சிசி இல்லாமல் அனுப்புகிறேன், வியாழன் தாண்டினால் மேனேஜரையும் சேர்த்துக்கொள்கிறேன்.