சேவ் பண்ண ரிப்ளை போட்டா "ஆள் இருக்கீங்களா"ன்னு கேக்குறாங்க, எப்படி சரி பண்றது?

பை_தையல்:
நான் தனி ஆளா கையில தைச்ச பை விக்கிறேன். தைக்கிறது, பேக்கிங், சாட் எல்லாமே நான்தான். வர்ற கேள்வி எல்லாம் சுத்தி சுத்தி அதேதான், எப்ப வரும், அளவு என்ன, திருப்பி எடுப்பீங்களான்னு, அதனால வாட்ஸ்அப் பிசினஸ்ல Quick replies-ல எழுதி வச்சிட்டேன், / போட்டா வந்துடுது. வேகம் ஓகே, ஆனா பாதிப் பேர் அதுக்கப்புறம் பேசவே மாட்டேங்குறாங்க. இன்னைக்கு வந்தது இது:

கஸ்டமர்: "கருப்புல 15 இஞ்ச் லேப்டாப் போற பை இருக்கா? வெள்ளிக்கிழமை தங்கச்சி பர்த்டே, அதுக்குள்ள வந்துடுமா"

நான் (/del): "வணக்கம்! எங்களைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி. தங்கள் ஆர்டர் 3 முதல் 5 வேலை நாட்களில் அனுப்பி வைக்கப்படும்."

கஸ்டமர்: "ஹலோ ஆள் யாராச்சும் இருக்கீங்களா"

ரவுண்டு_கழுத்து:
பாட் வச்சிருந்தா ஆஃப் பண்ணிடுங்க, எனக்கும் இதே தொல்லைதான் இருந்துச்சு.

பை_தையல்:
பாட் இல்லங்க, நானேதான் அனுப்புறேன் 😅

குட்டி_கடை:
பேர் போட்டு ஆரம்பிங்க சிஸ்டர், அவ்ளோதான் விஷயம். பேர் சொல்லிக் கூப்ட்டாலே மனுஷன் பேசுற மாதிரி ஆயிடும்.

பழைய_கல்லா:
பேர் போடுறது நல்லதுதான் தம்பி, ஆனா அதே பாராவுக்கு மேல பேரை மட்டும் ஒட்டினா பேங்க்ல இருந்து வர்ற எஸ்எம்எஸ் மாதிரிதான் இருக்கும்.

அம்மா, உங்க ரிப்ளைய திருப்பி ஒரு தடவ படிச்சுப் பாருங்க. அவங்க கேட்டது ரெண்டு, லேப்டாப் உள்ள போகுமா, வெள்ளிக்கு வருமா. ரெண்டுக்கும் பதில் இல்ல. 3-5 நாள்ல "அனுப்பி வைக்கப்படும்"னா அன்னைக்கு உங்க கையை விட்டுப் போகுமா, இல்ல அவங்க கைக்குப் போயிடுமான்னும் தெரியல. அவங்க பேசுற தமிழ்ல கேக்குறாங்க, நீங்க "தங்கள்", "கொண்டமைக்கு"ன்னு நோட்டீஸ் தமிழ்ல சொல்றீங்க, அந்த இடத்துலயே தெரிஞ்சுடும் இது எழுதி வச்சதுன்னு.

வணக்கத்தையும் நன்றியையும் சேவ் பண்ணதுல இருந்து தூக்கிடுங்க. ஒரே சாட்ல மூணு கேள்விக்கு மூணு தடவ வணக்கம் போகுது பாருங்க. Greeting message வேற ஆன்ல இருந்தா, புது ஆளுக்கும் 14 நாள் பேசாம இருந்து திரும்ப வர்றவங்களுக்கும் அதுவே வணக்கம் சொல்லிடும். மாறாத விஷயத்தை மட்டும் சேவ் பண்ணுங்க, உதாரணத்துக்கு:

```
/del
தைச்சு அனுப்ப 2 நாள், அப்புறம் கூரியர்ல 2-3 நாள் ஆகும். அனுப்பினதும் டிராக்கிங் நம்பர் இங்கயே போடுறேன்.
```

/ போட்டு அதை எடுத்தா டைப் பண்ற பெட்டியிலதான் வந்து நிக்கும், நீங்க தட்டுனாதான் போகும். அந்த இடைவெளியிலதான் வேலை. மேல ஒரு வரி: "கருப்பு இருக்கு, 15 இஞ்ச் தாராளமா உள்ள போகும்." கீழ ஒரு வரி: "இன்னைக்கு திங்கள், சரியா போனா வெள்ளி, இல்லன்னா சனி ஆயிடும். தைச்சு ரெடியா இருக்கிற நீலம்னா நாளைக்கே அனுப்பிடுவேன், தங்கச்சிக்கு நீலம் ஓகேவா?" நடுவுல இருக்கிறது பழசுன்னு யாருக்கும் தோணாது, ஏன்னா தங்கச்சி, வெள்ளி ரெண்டும் அவங்க சொன்ன வார்த்தை.

பை_தையல்:
ஐயோ இது புரியுது சார். ஆனா ஒரே நேரத்துல பத்து சாட் வந்தா மேல கீழ டைப் பண்ண நேரம் இருக்குமா?

பழைய_கல்லா:
மேல ஒரு வரி மட்டும் போதும், அதை மட்டும் விட்றாதீங்க. அப்புறம் சேவ் பண்ண டெக்ஸ்ட்ல "____ நாள்"னு காலி இடம் விடாதீங்க, அவசரத்துல அப்படியே போயிடும். மாறுற தேதி, கலர் எல்லாம் கையிலயே அடிங்க.

"தையல் பிரிஞ்சிடுச்சு"ன்னு கம்ப்ளைன்ட் வந்தா மட்டும் / பக்கமே போகாதீங்க. முதல் பதில் கையால போகட்டும். பிரிஞ்ச இடத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ற வரிய வேணா அப்புறமா சேவ்ல இருந்து எடுத்துக்கலாம்.

குட்டி_கடை:
சார் என் கஸ்டமர் பாதிப் பேர் இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிக்கிறாங்க, eppo varum னு. அதுக்கு தமிழ் எழுத்துல பதில் போனா ஒட்ட மாட்டேங்குது. எல்லாத்தையும் ரெண்டு தடவ சேவ் பண்ணணுமா?

பழைய_கல்லா:
நான் /del, /delt னு ரெண்டு வச்சிருக்கேன். 50 வரைக்கும் வைக்கலாம், இடம் இருக்கு. ஆனா கூரியர் நாள் மாறுனா ரெண்டு இடத்துலயும் மாத்தணும், அதுதான் தலைவலி.

ரவுண்டு_கழுத்து:
எனக்கு இதுல உடன்பாடு இல்ல, தமிழ் எழுத்துலயே அனுப்புறேன், யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. படிக்கத் தெரியாதவங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுடுவேன்.

பை_தையல்:
நீலம் ஓகேவாம் 🙂 திருப்பி எடுக்குறதுக்கு வச்சிருக்கிற /ret தான் இன்னும் நோட்டீஸ் மாதிரி இருக்கு, அதை மாத்தி எழுதிட்டு இங்க போடுறேன், பாத்து சொல்லுங்க.