DATEDIF தரும் #NUM!: கழித்தல் குறி பிழையா, தகவலா?

தையல்கூடம்_கணக்கு:
பள்ளிச் சீருடை தைக்கும் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். டெய்லர்களுக்கு வெட்டிய துணியை லாட் லாட்டாகக் கொடுத்து அனுப்புவோம். எக்செல்லில் A நெடுவரிசையில் கொடுத்த தேதி, B-யில் கெடு, C-யில் லாட் திரும்பி வந்த தேதி. கெடு தாண்டினால் நாளுக்கு 200 ரூபாய் பிடித்தம். தாமதத்துக்கு இந்த ஃபார்முலா போட்டேன்:

```
=DATEDIF(B2,C2,"d")
```

2ஆம் வரிசை: கெடு மார்ச் 10, வந்தது மார்ச் 14. சரியாக 4 என்று வருகிறது. 3ஆம் வரிசை: கெடு 15, வந்தது 12. அங்கே #NUM!. 4ஆம் வரிசை: கெடு மார்ச் 18, லாட் இன்னும் வரவில்லை. அதிலும் #NUM!. சரி என்று =C3-B3 போட்டுப் பார்த்தால் ######## வருகிறது. நாளைக்குப் பிடித்தக் கணக்கு கொடுக்க வேண்டும். என்ன செய்வது?

எக்செல்_ராவுத்தர்:
நெடுவரிசை குறுகலாக இருந்தால்தான் ######## வரும். மேலே D, E எழுத்துக்களுக்கு நடுவில் இருக்கும் கோட்டில் இருமுறை சொடுக்குங்கள், விரிந்துவிடும். DATEDIF வேண்டாம்மா, அது பழைய லோட்டஸ் காலத்துச் சரக்கு. தட்டும்போது பட்டியலில்கூட வராது. இதைப் போடுங்கள், பிழையே வராது:

```
=ABS(C2-B2)
```

தையல்கூடம்_கணக்கு:
அகலப்படுத்திப் பார்த்தேன் சார். திரை முழுக்க ######## தான் நீளுகிறது. 2ஆம் வரிசையில் 04-01-1900 என்று ஏதோ தேதி வருகிறது.

வட்டிக்கணக்கு:
அந்த 04-01-1900 தான் துப்பு. அந்த நெடுவரிசை தேதி வடிவத்தில் இருக்கிறது. விடை 4. எக்செல் நாட்களை 1900 ஜனவரி 1-இலிருந்து 1, 2, 3 என்று எண்ணுவதால் 4 என்பதை ஜனவரி 4 என்று காட்டுகிறது. 3ஆம் வரிசையின் விடை -3. 1900க்கு முந்திய தேதி அதற்குத் தெரியாது, அதனால் ######## போட்டு நிரப்புகிறது. எவ்வளவு அகலப்படுத்தினாலும் போகாது. வடிவத்தை General ஆக்குங்கள், -3 தெரியும்.

DATEDIF விஷயம் வேறு. தொடக்கம் முடிவுக்குப் பின்னால் இருந்தால் அது கணக்கே போடாது, #NUM! என்று கைவிரித்துவிடும். அதை நான் குறையாக நினைக்கவில்லை. ஆனால் உங்கள் வேலைக்கு அது பொருந்தாது. கெடுவுக்கு முன்னால் லாட் வருவது உங்கள் தொழிலில் நடக்கிற விஷயம். கழித்தல் குறி அங்கே பிழை இல்லை, டெய்லர் 3 நாள் முந்திவிட்டார் என்கிற செய்தி.

ராவுத்தர் சார் சொன்ன ABS-ஐ மட்டும் போட்டுவிடாதீர்கள். முந்தி வந்த 3 நாள் அதில் தாமதம் 3 நாளாகிவிடும். நல்ல டெய்லரிடம் 600 ரூபாய் பிடிப்பீர்கள்.

எக்செல்_ராவுத்தர்:
பிடித்தம் இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொதுவாக ABS தப்பில்லை தம்பி. எக்செல்லே YEARFRAC-இல் அதைத்தான் செய்கிறது. தேதிகளை எப்படி மாற்றிப் போட்டாலும் கூட்டல் எண்தான் வரும், சத்தமே இல்லாமல்.

வட்டிக்கணக்கு:
அது சத்தமில்லாமல் செய்வதுதான் எனக்குப் பயம். ஒப்பந்தத்தில் இரண்டு தேதியும் இடம் மாறிப் பதிவாகி, YEARFRAC கொடுத்த எண்ணை நம்பி வட்டி போட்ட கதை என்னிடம் இருக்கிறது. அங்கே கழித்தல் வந்திருந்தால் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

சரி, 4ஆம் வரிசைக்கு வருவோம். காலி செல்லை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்ளும். 2025 மார்ச் 18-இன் எண் 45734. ஆக C4-B4 என்றால் -45734. அதற்கு ABS போட்டு 200-ஆல் பெருக்கினால் அந்த டெய்லர் 91,46,800 ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் யூனிட்டையே விலைக்கு வாங்கிவிடலாம்.

தையல்கூடம்_கணக்கு:
சிரிப்பு வந்துவிட்டது சார். அப்போ பிடித்தத்துக்கு என்ன போடுவது?

வட்டிக்கணக்கு:
D-யில் வித்தியாசம், E-யில் பிடித்தம். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

```
D2: =IF(C2="","",C2-B2)
E2: =IF(C2="","",MAX(0,D2)*200)
```

D-யில் கழித்தல் அப்படியே இருக்கட்டும், பின்னால் யார் முந்துகிறார்கள் என்று பார்க்க உதவும். E-யில் MAX அதை 0 ஆக்கிவிடும்.

மாதக்கடைசி:
என் பிரச்சினையும் இதேதான். ஆனால் என் தேதிகள் சரியான வரிசையில்தான் இருக்கின்றன! 2025 ஜனவரி 31 முதல் மார்ச் 1 வரை DATEDIF-இல் "md" போட்டேன். -2 என்று வருகிறது. ஒரு மாதம் மைனஸ் 2 நாள் என்று பணிச் சான்றிதழ் கொடுத்தால் சிரிப்பார்கள்.

வட்டிக்கணக்கு:
உங்களுடையது வேறு வியாதி. தொடக்கம் முன்னால் இருந்தும் கழித்தல் வருகிறது என்றால் அது "md"-யின் பழைய கோளாறு. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. மீதி நாளுக்கு =B2-EDATE(A2,DATEDIF(A2,B2,"m")) போட்டால் 1 வரும். ஜனவரி 31-ஓடு ஒரு மாதம் சேர்த்தால் பிப்ரவரி 28 என்று வைத்துக்கொண்டு எண்ணும். இதையே மாதம் 30 நாள் என்று வைத்து வேறு மாதிரி எண்ணும் அலுவலகங்களும் உண்டு. உங்களிடத்தில் எந்த முறை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாண்டு:
இத்தனை சுற்றே வேண்டாம். File, Options, Advanced போய் Use 1904 date system என்பதில் டிக் வையுங்கள். கழித்தல் தேதி அழகாகத் தெரியும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வட்டிக்கணக்கு:
தெரியும், உண்மைதான். கூடவே ஷீட்டில் ஏற்கெனவே அடித்திருக்கும் ஒவ்வொரு தேதியும் 1462 நாள், அதாவது 4 வருடமும் ஒரு நாளும், முன்னே தள்ளிப்போய்விடும். மார்ச் 10, 2025 என்று இருந்தது மார்ச் 11, 2029 ஆகிவிடும். புது ஃபைலில் முதல் நாளிலிருந்தே வைத்தால் சரி. ஓடிக்கொண்டிருக்கும் கணக்கில் கை வைக்காதீர்கள்.

நாலாண்டு:
எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லையே.

வட்டிக்கணக்கு:
டிக் வைத்த பிறகு அடித்திருப்பீர்கள். வேறு ஃபைலிலிருந்து ஒரு தேதியை ஒட்டிப் பாருங்கள்.

தையல்கூடம்_கணக்கு:
எல்லாம் போட்டுவிட்டேன், நன்றி. ஆனால் 9ஆம் வரிசை மட்டும் உதைக்கிறது. துணி கொடுத்தது ஏப்ரல் 16, கெடு ஏப்ரல் 28, வந்தது மே 2. நானே வாங்கி வைத்தேன், 4 நாள் தாமதம். D-யில் -82 வருகிறது, பிடித்தம் 0. அடித்த கணினியில் பார்த்தால் செல்லில் 2/5/2025 என்றுதான் இருக்கிறது.

கவுண்டர்_கிளார்க்:
அக்கா, அந்த செல்லை dd-mmm-yyyy வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். 05-Feb-2025 என்று வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்தக் கணினியில் விண்டோஸ் Region, English (United States) என்று இருக்கிறதா? அங்கே 02/05 என்று அடித்தால் பிப்ரவரி 5. திரையிலும் நாம் அடித்தது போலவே காட்டுவதால் சந்தேகமே வராது. எங்கள் கவுண்டரில் ஒரு முழு மாத ரசீது இப்படிப் போயிற்று.

தையல்கூடம்_கணக்கு:
ஆமாம் தம்பி, 05-Feb-2025! முன்அறைக் கணினியில்தான் அடித்தது. Region-உம் நீ சொன்னதுதான்.

எக்செல்_ராவுத்தர்:
பார்த்தீர்களா. MAX போட்டதால் பிடித்தம் 0 என்று அமைதியாக உட்கார்ந்திருந்தது. ABS ஆக இருந்தால் 82 நாள், 16,400 ரூபாய் என்று கத்தியிருக்கும்!

வட்டிக்கணக்கு:
இந்த இடத்தில் உங்கள் வாதம் நிற்கிறது சார். MAX-உம் மறைக்கத்தான் செய்யும். D-யில் -82ஐ விட்டு வைத்ததால்தான் அகப்பட்டது, அதையும் யாராவது பார்த்தால்தான் உண்டு. அதனால் ஒரு காவல் வேண்டும். கெடுவுக்கு முன்னால் வருவது நடக்கும், ஆனால் துணி கொடுப்பதற்கு முன்னால் அது தைத்து வராது. ஆகவே C-யை A-யோடு ஒப்பிடுங்கள்:

```
F2: =IF(C2="","",IF(C2<A2,"தேதி பார்",""))
```

கவுண்டர்_கிளார்க்:
இது போதாது சார். அதே அமெரிக்கக் கணினியில் 14/05/2025 என்று அடித்தால்? 14ஆம் மாதம் கிடையாதே, அது வெறும் எழுத்தாகத் தங்கிவிடும். செல்லில் இடது ஓரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் எக்செல் எழுத்துதான் பெரிது என்னும். உங்கள் காவலைத் தாண்டிப் போய்விடும்.

வட்டிக்கணக்கு:
சரியான அடி. இப்படி மாற்றுங்கள்:

```
=IF(C2="","",IF(NOT(ISNUMBER(C2)),"எழுத்து",IF(C2<A2,"தேதி பார்","")))
```

அந்த எழுத்துத் தேதி இன்னொரு வேடிக்கையும் காட்டும். முன்அறைக் கணினியில் கழித்தால் #VALUE! வரும். இந்தியா என்று அமைத்த கணினியில் அதே ஃபைலைத் திறந்தால், கழிக்கும்போது அங்கத்திய முறைப்படி தேதியாக மாறி ஒழுங்காக விடை வரும். "என் கணினியில் வருகிறதே" சண்டை பாதி இங்கேதான் தொடங்குகிறது.

எக்செல்_ராவுத்தர்:
Data Validation போட்டுவிட்டால் தப்பாக அடிக்கவே முடியாதே?

கவுண்டர்_கிளார்க்:
கையால் அடித்தால் தடுக்கும். வேறு இடத்திலிருந்து ஒட்டினால் தடுக்காது. எங்களிடத்தில் எல்லாரும் ஒட்டுகிற ஆட்கள்தான்.

பிப்ரவரியில் கொடுத்த லாட் என்றால் இந்தக் காவலும் ஏமாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். A பிப்ரவரி 1, C-யில் மே 2 பிப்ரவரி 5 ஆகிவிட்டது என்றால் C < A இல்லை. முதலில் Region-ஐ மாற்றுங்கள் அக்கா. ஏற்கெனவே தப்பாகப் பதிந்தவை அதனால் திருந்தாது. முன்அறையில் அடித்ததில் நாள் 12க்குள் இருக்கும் தேதிகளை ரசீதோடு வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

தையல்கூடம்_கணக்கு:
பார்த்துவிட்டேன். 7 வரிசை அகப்பட்டது. 9ஆம் வரிசை டெய்லருக்கு 800 பிடித்தம். இப்போது முதலாளி ஒவ்வொரு டெய்லருக்கும் சராசரித் தாமதம் கேட்கிறார். 4 நாள் தாமதம், 3 நாள் முந்தியது, இரண்டையும் சேர்த்து அரை நாள் என்று போடவா, அல்லது முந்தியதை 0 ஆக்கி 2 நாள் என்று போடவா?

எக்செல்_ராவுத்தர்:
அரை நாள். முந்தி வந்ததற்கும் மதிப்பு கொடுக்க வேண்டும்.

வட்டிக்கணக்கு:
2 நாள். ஒரு லாட் முந்தி வந்ததால் இன்னொரு லாட்டின் தாமதம் குறையாது. அந்தப் பள்ளிக்கூடம் 4 நாள் காத்திருந்தது காத்திருந்ததுதான்.

தையல்கூடம்_கணக்கு:
டெய்லர் ராவுத்தர் சார் பக்கம், முதலாளி உங்கள் பக்கம் நிற்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.