மாத்திரைச் சீட்டில் 'மட்டும்' இடம் மாறியபோது

தொடங்கியவர்

ஒரு சிறிய மருத்துவமனைக்கு ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கித் தருகிறேன். போன மாதம் வந்த ஒரு சீட்டில் 'ஒன்லி டேக் ஒன் டேப்லெட் அட் நைட்' என்று இருந்தது. நான் "இரவில் ஒரு மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதினேன். அந்தப் பாட்டிக்கு அதுவரை காலையில் ஒன்று, இரவில் இரண்டு. டாக்டர் நினைத்தது காலை மாத்திரையை நிறுத்திவிட்டு இரவில் ஒன்று. பாட்டி புரிந்துகொண்டதோ, இரவு இரண்டை ஒன்றாகக் குறைத்துவிட்டு காலையில் பழையபடி ஒன்று. முப்பது நாளைக்குக் கொடுத்த 30 மாத்திரை பதினைந்தாம் நாளே தீர்ந்து, மறுபடி வாங்க வந்தபோதுதான் தெரிந்தது. நல்லவேளையாகப் பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என்னால் அதை மறக்க முடியவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

பழைய பிழைதிருத்துநர்

பாட்டி சரியாகத்தான் படித்திருக்கிறார். தமிழில் 'மட்டும்' தனக்கு முன்னால் நிற்கும் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும். 'மாத்திரை' மேல் வைத்தீர்கள், அது எண்ணிக்கையைக் கட்டியது. "இரவில் மட்டும் ஒரு மாத்திரை" என்றால் வேளையைக் கட்டியிருக்கும். ஆங்கிலத்தில் ஒன்லியை வினைக்கு முன்னால் போட்டுவிட்டு, எந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறோமோ அதிலிருந்து பொருள் எடுப்பார்கள். தாளில் அந்த அழுத்தம் இல்லை, அதனால் அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருளும் உண்டு. தமிழுக்கு வரும்போது நாம் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும், தேர்வதற்கு முன் கேட்டுவிடுவதுதான் நல்லது. மருந்துச் சீட்டானால் நான் 'மட்டும்' போடவே மாட்டேன். "காலை மாத்திரையை நிறுத்தவும். இரவில் ஒன்று எடுக்கவும்." இரண்டு வாக்கியம், அவ்வளவுதான்.

ஆங்கில டியூஷன் எடுப்பவர்

அப்படியானால் ஆங்கிலமே தப்பு. ஒன்லி எதைக் குறிக்கிறதோ அதற்கு நேர் முன்னால்தான் வரவேண்டும், வினைக்கு முன் போட்டால் மார்க் குறைப்பேன்.

பழைய பிழைதிருத்துநர்

சட்டம், மருந்து, ஒப்பந்தம் என்றால் நீங்கள் சொல்வது மிகச் சரி, அங்கே ஒட்டியே வைக்கவேண்டும். மற்ற இடங்களில் மார்க் குறைக்காதீர்கள் ஐயா. 'அவர் போன வாரம்தான் இறந்தார்' என்பதற்கு இறந்தாருக்கு முன்னால் ஒன்லி போடுவதை, 1926-இல் வெளியான தன் ஆங்கிலச் சொல்வழக்கு அகராதியில் ஃபவுலரே ஆதரித்தார். 'அவர் இறக்க மட்டும் செய்தார்' என்று யாரும் அதைப் படிக்கப்போவதில்லை.

திருச்சிக்காரன்

எனக்கு இதே ஒன்லியால் நேர்முகத் தேர்வில் ஒரு சங்கடம். 'எந்த ஊர்?' என்றார்கள், 'ஐ ஆம் ஃப்ரம் திருச்சி ஒன்லி' என்றேன். எதிரே இருந்த வெளிநாட்டுக்காரர் 'வேறு எங்கும் வேலை பார்க்க மாட்டீர்களா?' என்று கேட்டுவிட்டார்.

பழைய பிழைதிருத்துநர்

தம்பி, நீங்கள் சொன்னது 'தான்'. திருச்சிதான் என்றால் உறுதி, திருச்சி மட்டும் என்றால் மற்ற ஊரெல்லாம் கிடையாது. ஆங்கில ஒன்லிக்கு இப்படி உறுதி சொல்லும் வேலை இல்லை. இது சொல் நிற்கும் இடம் பற்றியதே அல்ல, வேறு பிரச்சினை.

கடிதம் எழுதியவள்

என்னுடையது 'கூட'. கல்யாண வீட்டிலிருந்து தங்கைக்கு "அப்பா கூட வரவில்லை" என்று செய்தி அனுப்பினேன். அப்பாவே வரவில்லை என்று சொல்ல நினைத்தேன், நான் அப்பாவோடு வராமல் தனியாக வந்திருக்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டு "அப்பா எப்போ வருவார்?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் 'அப்பாகூட' என்று சேர்த்துவிடுகிறேன், துணை என்றால் 'அப்பாவுடன்'. இடமும் முக்கியம்தான்: "அப்பாகூட எனக்குப் பணம் தரவில்லை" என்றால் அப்பா தருவார் என்று நம்பியிருந்தேன், "அப்பா எனக்குக்கூடப் பணம் தரவில்லை" என்றால் நான் செல்ல மகள்.

தொடங்கியவர்

'ஆல்மோஸ்ட்'தான் எனக்கு இன்னும் கஷ்டம். 'ஐ லாஸ்ட் ஆல் மை மணி' என்பதில் அது லாஸ்டுக்கு முன்னால் வந்தால் காசு போகவே இல்லை, ஆலுக்கு முன்னால் வந்தால் பெரும்பகுதி போய்விட்டது. 'கிட்டத்தட்ட பணம் முழுதும் இழந்தேன்' என்று எழுதினால் முதல் பொருள் வருவதே இல்லை.

பழைய பிழைதிருத்துநர்

வராது. 'கிட்டத்தட்ட' அளவோடு சேர்ந்தால்தான் தமிழ்: கிட்டத்தட்ட எல்லாம், கிட்டத்தட்ட நூறு. நடக்காமல் தப்பியதற்கு நமக்கு வினையே உண்டு: விழப் பார்த்தேன், பணம் முழுதும் போக இருந்தது.

டியூஷன் எடுப்பவர்

'கிட்டத்தட்ட விழுந்துவிட்டேன்' என்று என் மாணவர்கள் எல்லாரும் சொல்கிறார்களே, அதையும் தப்பு என்பீர்களா?

பழைய பிழைதிருத்துநர்

பேச்சில் விட்டுவிடுவேன். அச்சில் நான் மாற்றுவேன், இன்னொருவர் மாற்றாமல் விடலாம்.