உதவி: பழைய ஃபோட்டோவில் பாதி மறைந்த ஸ்டேஷன் போர்டு, "…ஓயா" மட்டும் தெரிகிறது

கோத்தகிரிப் பேத்தி

எங்கள் அம்மாயி இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1970களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு இந்தியா வந்து, கடைசியில் கோத்தகிரியில் குடியேறினார்கள். அம்மாயி போன தையில் தவறிவிட்டார். அவர் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளை ஃபோட்டோ இருந்தது. கோச்சி ஏறும் முன்பு ஸ்டேஷனில் எடுத்தது. பதினோரு பேர் நிற்கிறார்கள், பின்னால் ஊர்ப் பெயர்ப் பலகை.

பலகையில் மூன்று வரி: மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். இடது பாதியைத் தலைகள் மறைக்கின்றன. தமிழில் "ஓயா" தெளிவு. அதற்கு முந்தைய எழுத்தின் மேல்பாதி மட்டும் இருக்கிறது, அது னு-வா ரு-வா என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் யூ, இடைவெளி, பிறகு ஓ, வொய், ஏ. சிங்களம் எனக்குப் படிக்க வராது. படம் மங்கலாகவும் இருக்கிறது. எந்த ஸ்டேஷன் என்று தெரிந்தால் தோட்டத்தைத் தேட ஒரு பிடி கிடைக்கும்.

ரயில்நிலா

நானுஓயா. சந்தேகமே வேண்டாம். நுவரெலியாவுக்கு இறங்கும் ஸ்டேஷன், சுற்றிலும் தேயிலைதான். ஆங்கிலத்தில் ஓயாவுக்கு முன்னால் யூ வருகிறது, அது போதும். கொழும்பு–பதுளை பாதையில் இன்னொரு ஓயா, எல்ல பக்கம் இருக்கும் ஹீல்ஓயா. அதில் ஓயாவுக்கு முன்னால் 'எல்' வரும். ஆகவே அது கழிந்தது.

கூடலூர் ராஜு

எங்க தாத்தாவும் அந்த ஒப்பாரிக் கோச்சியில வந்தவர்தான். தலைமன்னார் போய், கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப். அவர் பாஸ்போர்ட்ல ஸ்டேஷன் பேர் மை கலங்கிப் போச்சு. தமிழ்ல "தலவாக்கலை"ன்னு ஒருத்தர் படிச்சார், இங்கிலீஷ்ல கடைசி எழுத்து 'ஈ' மாதிரி இருக்கு, 'ஐ' இல்ல. அப்ப அது வேற ஊரா? யாராவது சொல்லுங்க.

அட்டன்காரன்

ராஜு அண்ணே, அது ஒரே ஊர்தான். ஆங்கிலத்தில் சிங்கள உச்சரிப்பை எழுதுவார்கள், அது 'தலவாகெலே' மாதிரி 'ஈ'-யில் முடியும். தமிழில் நம்ம ஆட்கள் வாயில் வந்தபடி தலவாக்கலை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் பொருந்தாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை எல்லாமே அப்படித்தான், மூன்று மொழிக்கு மூன்று பெயர். ஒரு வரியை வைத்து இன்னொரு வரியை ஊகிக்கும் முன்பு இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரயில்நிலா ஒன்றை விட்டுவிட்டார். நாவலப்பிட்டிக்கும் அட்டனுக்கும் நடுவில் இங்குருஓயா என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. இங்குரு என்றால் இஞ்சி, ஓயா என்றால் ஆறு. அதிலும் ஓயாவுக்கு முன்னால் யூதான். ஆகவே நானுவா, இங்குருவா என்பதுதான் கேள்வி. இந்த இரண்டு பெயரையும் தமிழிலும் ஒலி மாறாமல் எழுதுவார்கள், அதனால் மூன்று வரியையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

சிங்கள வரியில் ஓயாவுக்கு முந்தைய எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். உகரக் குறி எழுத்துக்கு அடியில் வால் மாதிரி இறங்குகிறதா, இல்லை வலது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா?

கோத்தகிரிப் பேத்தி

அண்ணா, அடியில் ஒன்றும் இறங்கவில்லை. எழுத்தின் தலையில் ஒரு சின்னச் சுருள் மாதிரி தெரிகிறது, வலது பக்கம் கீழே ஒரு கொக்கி.

சிங்களம் பழகுநர்

நான் ஆறு மாதமாகச் சிங்களம் படிக்கிறேன். பக்கத்தில் கொக்கி என்றால் அது உகரமே இல்லை. அந்தக் குறிக்கு 'bat'-ல் வரும் அந்த 'ஆ'வும் 'எ'யும் கலந்த ஒலி. எழுத்து அட்டவணையில் தெளிவாக இருக்கிறது. ஆகவே இது நானுவும் இல்லை, இங்குருவும் இல்லை. வேறு ஸ்டேஷன் தேடுங்கள்.

அட்டன்காரன்

தம்பி, மற்ற எழுத்துகளுக்கு நீங்கள் சொல்வது சரி. ரகரம் மட்டும் விதிவிலக்கு. 'ரு' எழுதும்போது உகரக் குறி அடியில் போகாது, பக்கத்தில்தான் ஒட்டும். பார்க்க நீங்கள் சொல்லும் குறி மாதிரியே இருக்கும். உங்கள் கலப்பு ஒலி ரகரத்துக்கு வரும்போது அதற்கு வேறு வடிவம். புதிதாகப் படிக்கும் எல்லோரும் இங்கே தடுக்கி விழுவார்கள். மேலும் கீழே ஆங்கிலத்தில் யூ பளிச்சென்று இருக்கிறதே, ஒரு வரி சொல்வதை இன்னொரு வரி மறுத்தால் நாம் படித்ததில்தான் பிழை.

நானுவில் வரும் 'நு' என்றால் வால் அடியில் இறங்கியிருக்க வேண்டும். ரகரத்தின் தலையில் சுருள் உண்டு, நகரத்தில் கிடையாது. நீங்கள் பார்த்த இரண்டும் 'ரு' பக்கம்தான் நிற்கின்றன. ஆனால் மங்கலான படத்தில் ஒரு கொக்கியை நம்பி முடிவு சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ரயில்நிலா

ஃபோட்டோ எடிட்டரில் ஷார்ப்பன் நன்றாக ஏற்றிவிட்டுப் பாருங்களேன், தெரிந்துவிடும்.

போர்டு ஆர்ட்டிஸ்ட் மதுரை

அதைச் செய்யாதீங்கம்மா. ஷார்ப்பன் ஏத்தினா ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு விழும், இல்லாத கால் முளைக்கும். மாத்திச் செய்யணும். நானு, இங்குரு ரெண்டையும் நீங்களே டைப் பண்ணி, உங்க படத்தில இருக்கிற அதே அளவுக்குச் சின்னதாக்கி, அதே அளவுக்கு மங்கலாக்குங்க. மங்கலை மங்கலோட வச்சுப் பார்த்தாத்தான் நியாயம். தமிழ்ல னு, ரு ரெண்டுக்கும் வலது மேல் மூலை ஒண்ணு போலத்தான் வரும். அதனால அந்த மேல்பாதிய வச்சு மல்லுக்கட்ட வேண்டாம்.

நான் 22 வருசம் போர்டு எழுதினவன். எழுத்து மறைஞ்சா நான் முதல்ல பார்க்கிறது இடம். போர்டு எழுதுறவன் நூல் அடிச்சு கோடு போடுவான், பேர்ல எத்தனை எழுத்துன்னு எண்ணுவான், நடுப் புள்ளியில இருந்து ரெண்டு பக்கமும் பிரிப்பான். ஆங்கிலத்தில 'ஐ'க்கு அரை எழுத்துக்கும் குறைவா கணக்கு. ஆக வலது பக்கம் எவ்வளவு வெறும் இடமோ இடது பக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். போர்டோட ரெண்டு ஓரமும் படத்தில தெரியுதா? தெரிஞ்சா அளந்து சொல்லுங்க: மொத்த அகலம், வலது வெறும் இடம், ஓயா மூணு எழுத்து அகலம், இடைவெளி, யூ.

கோத்தகிரிப் பேத்தி

இரண்டு ஓரமும் தெரிகிறது ஐயா. ஸ்கேனை பெயிண்ட்டில் திறந்து ஆங்கில வரியை அளந்தேன். பலகை அகலம் 620 பிக்சல். வலது வெறும் இடம் 85. ஓயா மூன்று எழுத்தும் 150. இடைவெளி 30. யூ 50.

போர்டு ஆர்ட்டிஸ்ட் மதுரை

ரெண்டு பக்கமும் 85 கழிச்சா எழுத்துக்கு 450. தெரியிறது 150, 30, 50 சேர்த்து 230. மறைஞ்சிருக்கிறது 220.

நானுவில யூவுக்கு முன்னால மூணு எழுத்து, என் ஏ என். எழுத்துக்கு 50 வச்சா 150. மிச்சம் 70 சும்மா கிடக்கும், அதாவது இடது பக்கம் 155 வெறும் இடம், வலது பக்கம் 85. எந்தப் பெயின்டரும் அப்படி ஒரு பக்கம் தள்ளி எழுத மாட்டான். இங்குருவில முன்னால அஞ்சு எழுத்து, அதில 'ஐ' ஒல்லி, 20 வைங்க. நாலு ஐம்பது 200, கூட்டினா 220.

இவ்வளவு கச்சிதமா வர்றது தற்செயல், அதில மயங்காதீங்க. பத்துப் பதினஞ்சு பிக்சல் இப்படி அப்படி இருக்கும். படம் கோணலா எடுத்திருந்தா கணக்கு மாறும். போர்டோட இடது ஓர உயரம், வலது ஓர உயரம் ரெண்டும் சமமா?

கோத்தகிரிப் பேத்தி

வலது ஓரம் 210, இடது ஓரம் 200.

போர்டு ஆர்ட்டிஸ்ட் மதுரை

அப்ப கேமரா வலது பக்கம் நின்னிருக்கு. இடது பக்க எழுத்து கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும், அதே இடத்தில கூடுதல் எழுத்து பிடிக்கும். இதுவும் நீளமான பேருக்குத்தான் சாதகம். சிங்கள வரிய இப்படி அளக்காதீங்க. அட்டன் தம்பி எழுதிக் காட்டினதைப் பார்த்தேன், அதில ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே அகலம். 'ங்க' சேர்ந்த ஒலிக்கு அவங்களுக்கு ஒரே எழுத்து, நமக்குத்தான் ரெண்டு.

அட்டன்காரன்

ஐயா இப்போது ஒன்றைக் கிளப்பிவிட்டார். தங்கச்சி, "நானுஓயா" என்று தமிழில் எழுதினால் எங்காவது புள்ளி வருமா? வராது. "இங்குருஓயா"வில் இரண்டாவது எழுத்து 'ங்', தலையில் புள்ளி. உங்கள் படத்தில் தமிழ் வரியின் இடது பக்கம், தலைகளுக்கு நடுவே இடுக்கு ஏதாவது உண்டா?

கோத்தகிரிப் பேத்தி

அண்ணா, கை நடுங்குகிறது. அம்மாயியின் தலைக்கும் பக்கத்தில் நிற்கும் பெரியப்பா தலைக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு. அதில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மேலே ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. பூஞ்சைக் கறை என்று நினைத்து ஸ்கேனில் அழிக்கப் பார்த்தேன். பலகையின் இடது ஓரத்தில் இருந்து 172 பிக்சல்.

போர்டு ஆர்ட்டிஸ்ட் மதுரை

அழிக்காம விட்டீங்களே, நல்லது. தமிழ் வரியில வலது வெறும் இடத்தையும் இ, ங் மாதிரி எழுத்துக்கு ஆகும் அகலத்தையும் சொல்லுங்க. கூடவே அசல் பிரிண்ட்டை ஜன்னல் ஓரம் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. மேல ஒட்டின கறைன்னா வெளிச்சம் சறுக்கும்போது அந்த இடம் மட்டும் மேடு தட்டும், பளபளப்பு மாறும். படத்துக்குள்ளயே இருக்குன்னா தாள் வழவழன்னு ஒரே மாதிரி இருக்கும்.

கோத்தகிரிப் பேத்தி

தமிழ் வரியில் வலது வெறும் இடம் 70. 'ஓ' அகலத்தை வைத்து ஓர் எழுத்துக்கு 65 எடுத்தேன். இ 70-ல் தொடங்கி 135-ல் முடிந்தால், ங் நடு சுமார் 168-ல் வர வேண்டும். புள்ளி 172-ல் இருக்கிறது. பிரிண்ட்டைச் சாய்த்துப் பார்த்தேன். மூலையில் இருக்கும் பூஞ்சை வெளிச்சத்தில் மேடாகத் தெரிகிறது, இந்தப் புள்ளி தெரியவில்லை.

இன்னொன்றையும் இப்போது சொல்கிறேன், முதலிலேயே சொல்லியிருந்தால் எல்லோரும் அதற்கேற்பப் படித்திருப்பீர்கள். அம்மாயி "நாவலப்பிட்டி கடைக்கு" என்று அடிக்கடி சொல்வார்.

ரயில்நிலா

நான் அவசரப்பட்டுவிட்டேன், இங்குருஓயாதான் போலிருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், அது நெகட்டிவிலேயே விழுந்த தூசியாக இருக்கலாமே? தூசி என்றால் தாளில் மேடு வராது.

போர்டு ஆர்ட்டிஸ்ட் மதுரை

நெகட்டிவ்ல தூசி உட்கார்ந்தா பிரிண்ட்ல வெள்ளையா விழும், கறுப்பா விழாது. நெகட்டிவ்ல ஓட்டையோ கீறலோ இருந்தாத்தான் கறுப்பு. அது நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

அட்டன்காரன்

சிங்கள ரு, ஆங்கில வரியின் அகலம், தமிழ்ப் புள்ளி. மூன்றும் தனித்தனியே ஒரே ஊருக்கு வருகின்றன. நாவலப்பிட்டியை மட்டும் நான் சாட்சியாக எடுக்க மாட்டேன், அது பெரிய கடைத்தெரு, சுற்று வட்டாரம் முழுக்க அங்கேதான் சாமான் வாங்கப் போகும். தோட்டம் எது என்பதும் இதில் தெரியாது. தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்ம ஆட்கள் கூப்பிடும் பெயர் வேறொன்று. அம்மாயி வாயில் வந்த தோட்டப் பெயர், கணக்கப்பிள்ளை பெயர், கோயில் பெயர், எது ஞாபகம் இருந்தாலும் எழுதுங்கள். அடுத்த மாதம் நாவலப்பிட்டி பக்கம் போகிறேன், இங்குருஓயாவில் இறங்கி இப்போதைய பலகையைப் படமெடுத்துப் போடுகிறேன். அதே பலகையாக இருக்காது, தமிழில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்றாவது பார்க்கலாம்.

கோத்தகிரிப் பேத்தி

சின்ன அம்மாயி குன்னூரில் இருக்கிறார், காது சரியாகக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை ஃபோட்டோவோடு போகிறேன். கோயில் பெயர் கேட்டு வந்து எழுதுகிறேன் அண்ணா.