ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக் கடிதம்: துணைக்கு யாரை அழைக்கலாம், தேதியை மாற்றக் கேட்கலாமா?

இரவுப்பணி (மார்ச் 5, வியாழன்)

நான் இங்கிலாந்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவுப் பணி செய்கிறேன். இன்று மாலை மின்னஞ்சலில் விசாரணைக் கடிதம் வந்தது. மார்ச் 9 திங்கள் காலை 10 மணிக்குத் தலைமை அலுவலகத்துக்கு வர வேண்டும் என்றும், “அண்மைய இரவுப் பணிகளில் மருந்து வழங்கும் நடைமுறையைப் பின்பற்றவில்லை” என்பதே குற்றச்சாட்டு என்றும், பணிநீக்கம் வரை போகலாம் என்றும் அதில் உள்ளது. எந்த இரவு, யாருக்குரிய மருந்து என்று ஒரு சொல் கூட இல்லை.

துணைக்கு ஒருவரை அழைத்து வரலாமாம். ஆனால் அவர் இதே இல்லத்தில் பணிபுரிபவராக இருக்க வேண்டுமாம். இங்குள்ளவர்கள் தயங்குகிறார்கள். என் தொழிற்சங்கப் பிரதிநிதியோ 12ஆம் தேதி பிற்பகல் அல்லது 17 அன்றுதான் வர முடியும் என்கிறார். ஞாயிறு இரவுப் பணி முடிந்து திங்கள் காலை 8 மணிக்குத்தான் நான் வெளியே வருவேன். என்ன பதில் எழுதுவது?

அம்பத்தூர்க்காரர்

எனக்கும் இங்கே ஆலையில் உள்விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி முன்னிலையில் நிர்வாகத்தின் சாட்சிகளைச் சக தொழிலாளி ஒருவர் குறுக்கு விசாரணை செய்தார். அது நான்கு அமர்வுகள் நீடித்தது. ஆகவே முதல் நாளிலேயே சாட்சிகளை அழைக்கச் சொல்லுங்கள்.

லெஸ்டர்வாசி

துணைக்கு வருபவருக்கு நேரமில்லை என்றால் ஐந்து வேலைநாள்கள் தள்ளி வைக்கக் கேட்கலாம். 17ஐயே கேளுங்கள், தயாராக நேரம் கிடைக்கும். பிறகு எல்லாக் கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்லிக்கொள்வார், நீங்கள் பேசவே வேண்டாம்.

சங்கப்பிரதிநிதி

லெஸ்டர் நண்பர் சொன்ன ஐந்து நாள் சரி, கணக்குத்தான் ஒரு நாள் தவறிவிட்டது. 1999ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உறவுகள் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, நிர்வாகம் குறித்த நாளுக்கு அடுத்த வேலைநாளே முதல் நாள். திங்கள் விசாரணை என்றால் 10, 11, 12, 13 ஆகியவை போக, சனி ஞாயிறு கழித்து 16ஆம் தேதியோடு ஐந்து முடிகிறது. 17ஐக் கேட்டால் அவர்கள் மறுக்கலாம். 12 பிற்பகலைக் கேட்டால், அந்த நேரம் நியாயமானதாக இருக்கும்வரை, அவர்கள் ஒத்திவைத்தே ஆக வேண்டும்.

“இதே இல்லத்தவர்” என்ற நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமில்லை. சங்கத்தின் ஊதியம் பெறும் அலுவலர், இப்பணிக்குத் தகுதியானவர் என்று சங்கம் எழுத்தில் சான்றளித்த பிரதிநிதி, அதே முதலாளியிடம் வேறெந்தக் கிளையில் வேலை செய்பவரானாலும் ஒரு சக பணியாளர் என இவர்களில் எவரையும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். வழக்கறிஞரையோ உறவினரையோ அழைத்து வருவது மட்டும் நிர்வாகத்தின் விருப்பம். வருபவர் உங்கள் தரப்பை எடுத்துரைக்கலாம், தொகுத்துச் சொல்லலாம், இடையில் உங்களோடு தனியாக ஆலோசிக்கலாம். ஆனால் உங்களிடம் கேட்ட கேள்விக்கு உங்களுக்குப் பதிலாக அவர் விடை சொல்ல அவருக்கு உரிமை இல்லை. எனவே பேச வேண்டியவர் நீங்கள்தான்.

தேதியை விட எனக்குக் கவலை தருவது குற்றச்சாட்டின் வாசகம். பதில் தயாரிக்கப் போதுமான விவரம் கடிதத்தில் இருக்க வேண்டும் என்றும், எழுத்துச் சான்றுகளின் நகலைப் பொதுவாகக் கூடவே தர வேண்டும் என்றும், பணியிடத் தகராறுகளில் சமரசம் செய்யும் பொது அமைப்பான ஏகாஸின் நெறிமுறை சொல்கிறது. எந்த இரவு, எந்த மருந்து, கையொப்பம் விடுபட்டதா அல்லது மருந்தே கொடுக்கப்படவில்லையா என்று கேளுங்கள். இவ்விரண்டும் ஒரே அளவு தவறல்ல. அந்த இரவுகளின் மருந்துப் பதிவுத்தாள், வேலைப் பட்டியல், யாராவது எழுத்தில் வாக்குமூலம் கொடுத்திருந்தால் அதன் நகல் ஆகியவற்றையும் கேளுங்கள்.

அம்பத்தூர் ஐயா சொன்ன குறுக்கு விசாரணையை அதே வடிவில் இங்கே எதிர்பார்க்க முடியாது. சாட்சி சொன்னதைப் பற்றிக் கேள்வி எழுப்பலாம். சாட்சி நேரில் வந்து நிற்பார் என்பது உறுதியில்லை.

இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒன்றும் எழுதாமல் திங்களன்று போகாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் இல்லாமலே முடிவெடுக்க அது அவர்களுக்கு வழிவிடும்.

லெஸ்டர்வாசி

தேதிக் கணக்கைத் திருத்தியதற்கு நன்றி. சங்கப் பிரதிநிதியை அவர்கள் உள்ளே விடவே மாட்டோம் என்றால்?

சங்கப்பிரதிநிதி

தொழிலாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்; அதற்குக் கிடைக்கும் இழப்பீடு அதிகபட்சம் இரண்டு வார ஊதியந்தான், பெரிய தொகையில்லை. ஆனால் பின்னர் பணிநீக்க வழக்கு என்று வந்தால் இந்த மறுப்பும் கணக்கில் வரும்.

இரவுப்பணி (மார்ச் 6, வெள்ளி)

நேற்றிரவே அனுப்பினேன். 12ஆம் தேதி பிற்பகல் 2 மணிக்கு மாற்றிவிட்டார்கள், சங்கப் பிரதிநிதி வருவதற்கும் எதிர்ப்பில்லை. ஆனால் பிப்ரவரி 21 இரவுக்கான பதிவுத்தாள் ஒன்றை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். கடிதத்தில் “இரவுப் பணிகள்” என்று பன்மையில் இருக்கிறதே, மற்ற இரவுகள் எவை என்று மறுபடியும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.